திருக்கை மீன்மீது கலமான்சி பிழிவது ஏன்? வாடைக்குப் பின்னால் இருக்கும் அமைன், அமைடு

உணவங்காடி நிலையத்தில் சம்பல் திருக்கை கேட்டால், வாழையிலையில் சுடச்சுட மீன் வரும். ஓரத்தில் கலமான்சி ஒன்று கட்டாயம் இருக்கும்.

சிலர் அதை மீன்மீது பிழிவார்கள். சிலர் அலங்காரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

"புளிப்பு சேர்ந்தா ருசியா இருக்கும், அவ்வளவுதானே?"

ருசி உண்மைதான். ஆனால் அந்த நாலு சொட்டுச் சாறு உங்கள் தட்டிலேயே ஒரு வேதிவினையையும் நடத்துகிறது. மீனைச் சுத்தம் செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது வாடை இன்னும் தூக்கலாகத் தெரிவதுண்டு. அதற்கும் காரணம் அதே வினைதான், எதிர்த் திசையில்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு நைட்ரஜன் அணு.

புது மீன் ஏன் நாறுவதில்லை?

மீன் என்றாலே வாடை என்பது சரியல்ல. அப்போதுதான் பிடித்த கடல் மீனில் மீன் வாடை கிட்டத்தட்ட இருக்காது. வாடை பிறகுதான் உண்டாகிறது.

கடல் நீரில் உப்பு அதிகம். அந்த உப்பு, மீனின் உடலிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைச் சமாளிக்கப் பல கடல் மீன்கள் தங்கள் தசையில் டிரைமெத்தில் அமைன் ஆக்ஸைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. பெயர் நீளம், ஆனால் ஆள் சாது. தண்ணீரில் நன்றாகக் கரையும். வாடை இல்லை.

மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் பெருகும். ஆக்சிஜன் குறைவாக உள்ள இடத்தில் சில பாக்டீரியாக்கள் அந்தப் பொருளிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துச் 'சுவாசிக்கும்'. ஆக்சிஜன் போனபின் மிஞ்சுவது டிரைமெத்தில் அமைன்.

(CH₃)₃NO → (CH₃)₃N

பறிபோனது ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. ஆனால் நாம் 'மீன் வாடை' என்று சொல்வது பெரும்பாலும் இந்த மிச்சத்தைத்தான்.

ஆற்று மீன், குளத்து மீனில் அந்த ஆக்ஸைடு மிகக் குறைவு. அதனால்தான் பாத்தின், திலாப்பியா போன்றவற்றில் கடல் மீன் வாடை அவ்வளவாக வருவதில்லை. அவற்றைப் பற்றி "மண் வாடை அடிக்குது" என்றுதான் புகார் வரும். அது வேறு பொருள், வேறு கதை.

அமைன் என்றால் என்ன?

அம்மோனியாவிலிருந்து ஆரம்பிப்பது எளிது. ஒரு நைட்ரஜன், அதைச் சுற்றி மூன்று ஹைட்ரஜன்: NH₃. அந்த ஹைட்ரஜன்களில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையுமோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பன் தொகுதியை வைத்தால் கிடைப்பது அமைன். மீனில் இருப்பதில் மூன்று ஹைட்ரஜன்களும் போய், மூன்று மெத்தில் தொகுதிகள் வந்திருக்கின்றன. பெயரில் உள்ள 'டிரை' அதைத்தான் சொல்கிறது.

பள்ளியில் 'ஃபங்ஷனல் குரூப்' என்று படித்திருப்பீர்கள். மூலக்கூறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது எதனுடன் வினைபுரியும், எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் சிறு பகுதி அது. அமைனில் அந்தப் பகுதி நைட்ரஜன்.

நைட்ரஜனின் வெளிச்சுற்றில் ஐந்து எலக்ட்ரான்கள் உண்டு. மூன்று, மூன்று பிணைப்புகளுக்குப் போய்விடும். மீதி இரண்டும் ஜோடியாக, யாருடனும் பங்குபோடாமல் சும்மா இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஜோடியைப் பற்றியதுதான். அது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

ஆக்ஸைடில் அந்த ஜோடியை ஆக்சிஜன் பிடித்து வைத்திருந்தது. அதனால் நைட்ரஜன் பக்கம் நேர்மின்னூட்டம், ஆக்சிஜன் பக்கம் எதிர்மின்னூட்டம். மின்னூட்டம் உள்ள மூலக்கூறு தண்ணீரை விட்டு லேசில் பறக்காது. பறக்காவிட்டால் மூக்குக்கு வராது. மூக்குக்கு வராவிட்டால் வாடை ஏது?

பாக்டீரியா ஆக்சிஜனைப் பறித்ததும் ஜோடி விடுதலையாகிறது. மின்னூட்டமும் போய்விடுகிறது. டிரைமெத்தில் அமைனின் கொதிநிலை சுமார் 3 டிகிரி செல்சியஸ். நம் ஊர்ச் சூட்டில் அது வாயு.

ஒரு துளிக்கே ஏன் இந்த வாடை?

மனித மூக்கு இந்த அமைனுக்கு அநியாயத்துக்குக் கூர்மையானது. நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே ஒரு சில இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும்.

2006ஆம் ஆண்டு ஸ்டீஃபன் லைபர்லெஸ், லிண்டா பக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், மூக்கில் அமைன்களை உணரும் தனி ரகமான ஏற்பிகள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதில் டார்-5 எனப்படும் ஏற்பி, டிரைமெத்தில் அமைனுக்குப் பதிலளிக்கிறது. அந்த ஏற்பிக்கான மரபணு சிலருக்குச் சற்று மாறியிருக்கும். ஐஸ்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்களிடம் மீன் வாடையை முகரக் கொடுத்தபோது சிலர் அதை உருளைக்கிழங்கு, கேரமல் என்றெல்லாம் சொன்னார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று வீட்டில் யாராவது சொன்னால் உடனே கிண்டல் பண்ணாதீர்கள். உண்மையாகவும் இருக்கலாம்.

'பலவீனமான காரம்' என்றால்?

காரம் என்றால் புரோட்டானை, அதாவது H⁺ஐ, ஏற்றுக்கொள்வது. சும்மா இருக்கும் எலக்ட்ரான் ஜோடிக்கு அது கைவந்த கலை. H⁺ வந்தால் ஜோடி அதைப் பிடித்துக்கொள்ளும்.

(CH₃)₃N + H⁺ ⇌ (CH₃)₃NH⁺

இரு பக்கமும் அம்பு இருப்பதைக் கவனியுங்கள். பிடித்ததை விடவும் செய்யும்.

வெறும் தண்ணீரில் இந்த அமைனைக் கரைத்தால், அது புரோட்டானைத் தண்ணீரிடமிருந்துதான் வாங்க வேண்டும். தண்ணீர் அந்த விஷயத்தில் படு கஞ்சம். லிட்டருக்கு 0.1 மோல் கரைத்தால், நூறு மூலக்கூறுகளில் இரண்டு மூன்றுக்குத்தான் புரோட்டான் கிடைக்கும். கரைசலின் பிஎச் சுமார் 11.4. அதே அளவு காஸ்டிக் சோடா போட்டால் அது முழுவதும் பிரிந்து பிஎச் 13-ஐத் தொடும். 'பலவீனம்' என்பதற்கு அர்த்தம் இதுதான்: வேலை செய்யாது என்பதல்ல, தண்ணீரோடு தனியாக விட்டால் கொஞ்சம்தான் செய்யும் என்பது.

இதில் மாணவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. பலவீனமான காரம் என்றால் அமிலத்தோடும் அரைகுறையாகத்தான் சேரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அமிலம் புரோட்டானைத் தாராளமாகக் கொடுக்கும். கொடுப்பவர் தாராளமாக இருந்தால் அமைன் கிட்டத்தட்ட முழுவதும் வாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு வாங்கும் என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. டிரைமெத்தில் அமைனுக்கு அது 9.8. பிஎச் 9.8-ஆக இருக்கும்போது சரிபாதி அமைன் சுதந்திரமாகவும் சரிபாதி புரோட்டான் ஏற்றும் இருக்கும். அதற்குக் கீழே பிஎச் ஒவ்வொரு படி இறங்கும்போதும், புரோட்டான் ஏற்றதோடு ஒப்பிட்டால் சுதந்திரமாக இருப்பது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

தட்டில் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

மீன் சதையின் பிஎச் 6.8 என்று வைத்துக்கொள்வோம். 9.8-லிருந்து மூன்று படி கீழே. ஆக, ஆயிரம் அமைனில் ஒன்றுதான் சுதந்திரமாக இருக்கிறது. மீதி எல்லாம் ஏற்கெனவே புரோட்டானைப் பிடித்து, மின்னூட்டத்தோடு ஈரத்தில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆயிரத்தில் ஒன்றுக்கே இந்த வாடையா? ஆமாம். மூக்கு அவ்வளவு கூர்மை. அதோடு, அந்த ஒன்று காற்றில் பறந்ததும் சமநிலை குலையும். அதைச் சரிக்கட்ட இன்னொன்று தன் புரோட்டானை விட்டுவிட்டுக் கிளம்பும். வரிசை நீண்டுகொண்டே போகும்.

இப்போது கலமான்சி பிழிகிறீர்கள். சாற்றின் பிஎச் 3-க்கும் கீழே. மீனோடு கலந்தபின் மேற்பரப்பில் 4.8 ஆகிறது என்று கொள்வோம். இன்னும் இரண்டு படி கீழே. இப்போது லட்சத்தில் ஒன்றுதான் சுதந்திரம். பறக்கக்கூடிய அமைன் நூற்றில் ஒரு பங்காகிவிட்டது.

அமைன் எங்கும் போகவில்லை. எலுமிச்சை இன அமிலத்தோடு சேர்ந்து உப்பாக, வாடையில்லாமல் அங்கேயே இருக்கிறது. மீன் குழம்பில் புளி, அசாம் பெடாஸில் புளி, வறுத்த மீனில் எலுமிச்சை, எல்லாவற்றிலும் நடப்பது இதேதான். புளியில் உள்ள அமிலம் வேறு, வேலை ஒன்று.

சோப்புக்கு வருவோம். சாதாரணச் சோப்புக்கட்டியின் நுரை காரத்தன்மை உள்ளது, பிஎச் 9 முதல் 10 வரை. கையில் ஒட்டியிருக்கும் அமைன் உப்பு அதில் நனைந்ததும் புரோட்டானை இழக்கிறது. ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது, கிட்டத்தட்ட பாதிக்குப் பாதியாக மாறுகிறது. ஒரே நேரத்தில் ஏறக்குறைய 500 மடங்கு அமைன் விடுதலை! "சோப்புப் போட்டா இன்னும் கூடுதே" என்ற சந்தேகம் பிரமை இல்லை.

அதனால் முதலில் எலுமிச்சையோ வினிகரோ தேய்த்து, தண்ணீரில் நன்றாக அலசிவிட வேண்டும். உப்பாக மாறிய அமைன் நீரில் கரைந்து போய்விடும். சோப்பு அதற்குப் பிறகு.

அப்படியென்றால் அமைடு யார்?

இப்போது திருக்கை மீனுக்கே வருவோம். ஏனென்றால் அதனிடம் இன்னொரு ரகசியம் இருக்கிறது.

திருக்கையும் சுறாவும் ஒரே வம்சம். கடலின் உப்பைச் சமாளிக்க அவை ஆக்ஸைடோடு யூரியாவையும் உடலில் தேக்கி வைக்கின்றன. ஆமாம், நம் சிறுநீரில் வெளியேறும் அதே யூரியாதான். ஒரு கடல் சுறாவின் லிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 20 கிராம் யூரியா இருக்கும். மனிதரின் இரத்தத்தில் இருப்பதைப்போல 50 மடங்குக்கும் மேல். அவ்வளவு யூரியா புரதங்களைக் குலைத்துவிடும் என்பதால், அதை ஈடுகட்டுவதும் நம் பழைய நண்பர் ஆக்ஸைடுதான். தசையில் ஏறக்குறைய இரண்டு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஆக்ஸைடு.

யூரியா ஓர் அமைடு. CO(NH₂)₂. நைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன்கள் இருக்கின்றன, பார்க்க அமைன் மாதிரியேதான். ஆனால் வாடை இல்லை, காரமாகவும் நடந்துகொள்வதில்லை.

வித்தியாசம் நைட்ரஜனின் அண்டைவீட்டுக்காரர். அமைடில் நைட்ரஜனுக்குப் பக்கத்திலேயே, ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன் உட்கார்ந்திருக்கிறது. C=O. ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் ஆசை அதிகம். அது கார்பன் வழியாக நைட்ரஜனின் ஜோடியைத் தன் பக்கம் இழுக்கிறது. ஜோடி இப்போது நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றுக்கும் பொதுச்சொத்து மாதிரி. புரோட்டான் வந்து கதவைத் தட்டினாலும் நைட்ரஜனிடம் கொடுக்க ஜோடி இல்லை. கலமான்சிச் சாற்றிலேயே யூரியாவை ஊறவைத்தாலும் அதில் பெரும்பகுதி புரோட்டானை ஏற்காது.

சரி, வாடை? ஓர் அழகான ஒப்பீடு இருக்கிறது. அசிட்டமைடு என்ற எளிய அமைடின் மூலக்கூறு எடை 59. டிரைமெத்தில் அமைனின் எடையும் 59. ஒன்று சுமார் 3 டிகிரியில் கொதிக்கிறது. இன்னொன்று 80 டிகிரிவரை திடப்பொருள், கொதிக்க 221 டிகிரி வேண்டும்!

எடை ஒன்றாக இருந்தும் ஏன் இப்படி? அசிட்டமைடில் ஒரு மூலக்கூறின் N–H, அடுத்ததின் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் கைகோத்து நிற்கும். டிரைமெத்தில் அமைனின் நைட்ரஜனில் ஹைட்ரஜனே இல்லை. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியில்லாமல் பறந்துவிடும்.

மீனின் சதையே அமைடுகளால் ஆனதுதான். எல்லாப் புரதத்திலும் அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கட்டிப்போட்டிருப்பது அமைடுப் பிணைப்பு. அதில் நைட்ரஜன் எக்கச்சக்கம், ஆனால் பறக்காது, நாறாது.

அப்போ திருக்கை ஏன் சில நேரம் மூக்கைத் துளைக்கிறது?

அமைடு லேசில் உடையாது. ஆனால் பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருந்தால் கதை மாறும். (முதன்முதலில் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட நொதியும் இந்த யூரியேஸ்தான். 1926இல் ஜேம்ஸ் சம்னர் ஓர் அவரை வகையிலிருந்து எடுத்தார்.)

CO(NH₂)₂ + H₂O → 2NH₃ + CO₂

வாடையே இல்லாத ஒரு யூரியா, இரண்டு அம்மோனியாவாக உடைகிறது. ஜோடிகள் மறுபடியும் விடுதலை. பழைய திருக்கையில் மீன் வாடைக்கு மேல், கழிவறை மாதிரி சுள்ளென்று ஒன்று அடிப்பது இதனால்தான். அம்மோனியாவும் காரம் என்பதால் சதையின் பிஎச்சும் ஏறும். பிஎச் ஏறினால்? மேலே பார்த்த கணக்குப்படி டிரைமெத்தில் அமைனும் கூடுதலாகப் பறக்கும். ஒன்று இன்னொன்றைக் கிளப்பிவிடுகிறது.

திருக்கையையும் சுறாவையும் பிடித்தவுடன் இரத்தத்தை வடித்து, பனிக்கட்டியில் போட வேண்டும் என்பது இதற்காகத்தான். சமைக்குமுன் துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைப்பதற்கும் பொருள் உண்டு. யூரியா நீரில் தாராளமாகக் கரையும். உடைவதற்கு முன்னே ஒரு பகுதியை வெளியேற்றிவிடலாம்.

கலமான்சியால் முடியாதது

வாடை போய்விட்டால் மீன் நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அமிலம் அமைனை மறைக்கிறது. பாக்டீரியா செய்துவிட்ட வேலையை அது திருப்பாது. பழைய மீனில் கொழுப்பு கெட்டு வரும் வாடையும், கந்தகப் பொருள்களின் வாடையும் அமைன் அல்ல. கலமான்சிக்கு அவை இப்படி மசியாது.

இதைவிட முக்கியமானது ஹிஸ்டமின். அதுவும் ஓர் அமைன்தான். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் குளிர்ச்சியில்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும்.

டிரைமெத்தில் அமைன் போல அது பறக்காது. மூக்கு எச்சரிக்காது. எலுமிச்சை பிழிந்தாலும், பொரித்தாலும், குழம்பில் கொதிக்கவிட்டாலும் அழியாது. டின் மீனிலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு சில மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, தோல் தடித்து அரிக்கும். "எனக்கு மீன் ஒவ்வாமை போல" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதே மேசையில் அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் அப்படியே ஆகியிருந்தால் ஹிஸ்டமினைச் சந்தேகிக்கலாம். மூச்சுவிடச் சிரமம் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்டானதை எடுக்க வழியில்லை. உண்டாகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி: ஈரச்சந்தையிலிருந்து வீடுவரை மீன் 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மீனை வாங்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, காப்பிக் கடையில் ஒரு மணி நேரம் கதை பேசுவது நல்ல யோசனை இல்லை.

உடம்பிலிருந்தே மீன் வாடை வந்தால்?

முட்டை, கல்லீரல், மீன் போன்ற உணவுகளைச் சாப்பிடும்போது, நம் குடலில் உள்ள பாக்டீரியாக்களும் டிரைமெத்தில் அமைனை உண்டாக்குகின்றன. எல்லாருக்கும் நடப்பதுதான். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதற்கு ஆக்சிஜனைச் சேர்த்து, வாடையில்லாத ஆக்ஸைடாக மாற்றிவிடும். இறந்த மீனில் பாக்டீரியா செய்ததற்கு நேர் எதிர்.

மிகச் சிலருக்கு அந்த நொதி பிறப்பிலிருந்தே சரியாக வேலை செய்யாது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் பொதுவாக இப்படி ஆகும். அமைன் மாறாமல் வியர்வையிலும் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறும். மருத்துவத்தில் இதற்குப் பெயர் டிரைமெத்திலமைனூரியா.

இவர்கள் எத்தனை முறை குளித்தாலும் வாடை திரும்ப வரும். வகுப்பில், பேருந்தில், வேலையிடத்தில் "குளிக்கிறதே இல்லையா?" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு ஒதுங்கிப்போகிறவர்கள் உண்டு. சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிறுநீரில் அமைன் எவ்வளவு, ஆக்ஸைடு எவ்வளவு என்று அளந்தாலே கண்டுபிடித்துவிடலாம். முழுக் குணம் இல்லை என்றாலும், உணவில் மாற்றம் செய்து குறைக்க முடியும்.

இவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் சோப்பு, சாதாரணச் சோப்பு அல்ல. பிஎச் 5.5 முதல் 6.5 வரை உள்ள, இலேசான அமிலத்தன்மை கொண்ட சோப்பு. தோலில் இருக்கும் அமைனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்து, தண்ணீரோடு போகச் செய்வதற்கு.